வாரம் 20 வால்வு விற்கும் கடை எத்தனை வால்வு வாங்க வேண்டும்?

கேள்வி: பழனியில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். அரை அங்குல பித்தளை பால் வால்வு வாரம் 20 என்ற கணக்கில் சீராகப் போகிறது. மிஞ்சிப் போனால் 26. வாங்கும் விலை 120 ரூபாய். ஒரு தடவைக்கு எவ்வளவு வாங்கினால் சிக்கனம் என்று சொல்லும் சூத்திரம் மகளின் வணிகவியல் புத்தகத்தில் இருந்தது, அதில் போட்டால் 17 வாங்கு என்று வருகிறது. கோவை விநியோகஸ்தரின் விற்பனைப் பிரதிநிதியோ 480 எடுத்தால் 2 சதவீதம் தள்ளுபடி என்கிறார். எவ்வளவு வாங்குவது? எப்போது ஆர்டர் போடுவது?

பதில்: சூத்திரத்தில் பிழையில்லை, அதில் நீங்கள் இட்ட எண்கள்தாம் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. விற்பனையை வாரத்துக்கு 20 என்று போட்டுவிட்டு, சரக்கை வைத்திருக்கும் செலவை ஆண்டுக் கணக்கில் போட்டிருக்கிறீர்கள். இரண்டும் ஒரே காலத்துக்கு உரியவையாக இருக்க வேண்டும். வாரம் 20 என்றால் ஆண்டுக்கு 1,040.

மற்ற இரண்டு எண்களையும் கவனமாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முறை ஆர்டர் போட்டால் எத்தனை வால்வு வந்தாலும் மாறாமல் ஆகும் செலவு முதலாவது. பார்சல் சர்வீஸின் குறைந்தபட்சக் கட்டணம், அங்கிருந்து கடைக்கு வரும் ஆட்டோ, சரிபார்த்து அடுக்கும் ஆளின் நேரம் ஆகியவற்றைச் சேர்த்து 150 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். கடை வாடகையையும் மாதச் சம்பளத்தையும் இதில் திணிக்கக் கூடாது. ஆர்டரே போடாவிட்டாலும் அவை ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஒரு வால்வை ஓராண்டு முழுவதும் அலமாரியில் வைத்திருக்கும் செலவு இரண்டாவது. வங்கி ஓவர்டிராஃப்டான ஓடிக்கு வட்டி 12 சதவீதம், கறுத்துப் போவதற்கும் காணாமல் போவதற்கும் இடத்துக்கும் 6 சதவீதம் என்று கொண்டால், 120 ரூபாயில் 18 சதவீதமான 21.60 ரூபாய். ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுத்துக்கொள்பவர் அதைச் சேர்க்காத விலையையே இங்கே போட வேண்டும்.

ஆண்டு விற்பனையையும் ஆர்டர் செலவையும் பெருக்கி, அதை இரட்டித்து, வைத்திருக்கும் செலவால் வகுத்து, வர்க்கமூலம் எடுங்கள்:

√(2 × 1040 × 150 ÷ 21.60) ≈ 120

ஆகவே ஒரு தடவைக்கு 120 வால்வு, அதாவது ஆறு வாரச் சரக்கு. ஆண்டுக்கு எட்டு ஒன்பது முறை ஆர்டர் போடுவதற்கு ஏறத்தாழ 1,300 ரூபாயும், சராசரியாகக் கையில் நிற்கும் 60 வால்வை வைத்திருக்க ஏறத்தாழ அதே 1,300 ரூபாயும் ஆகும். இரண்டும் சமமாக வருகிறதா என்று பார்ப்பதே கணக்குச் சரியா என்று அறியும் எளிய சோதனை. பெட்டிக்கு 24 என்று வந்தால் 120க்குப் பதில் நான்கு பெட்டியோ ஆறு பெட்டியோ எடுப்பதால் குடி முழுகிவிடாது. ஆறு பெட்டி எடுத்தால் ஆண்டுக்கு 40 ரூபாய் கூடும், நான்கு எடுத்தால் 65 ரூபாய் கூடும், அவ்வளவுதான். இந்தச் சூத்திரத்தை 1913இல் வெளியிட்டவர் ஃபோர்டு ஹாரிஸ் என்ற அமெரிக்கர். அவர் பெயரைவிட, விடை சற்று முன்பின் இருந்தால் நட்டமில்லை என்பதே உங்களுக்குப் பயனுள்ள செய்தி.

இனி அந்த 480. பிரதிநிதி சொல்லும் தள்ளுபடி பொய்யில்லை. ஆண்டுக் கொள்முதலான 1,24,800 ரூபாயில் 2 சதவீதம் 2,496 ரூபாய் உண்மையாகவே மிஞ்சும். ஆனால் 480 வாங்கினால் சராசரியாக 240 வால்வு அலமாரியில் நிற்கும். தள்ளுபடி போன விலையில் கணக்கிட்டாலும் அதை வைத்திருக்க 5,080 ரூபாய், ஆர்டர் செலவு 325 ரூபாய், ஆக மொத்தம் 5,405 ரூபாய். முன்பு 2,600 ரூபாயில் முடிந்த வேலை இது. 2,800 ரூபாய் கூடுதலாகச் செலவழித்து 2,496 ரூபாய் மிச்சம் பிடிப்பதற்குப் பெயர் தள்ளுபடி அன்று. இதே பேச்சில் அவர் 3 சதவீதம் தருவதாக இருந்தால் மிச்சம் 3,744 ரூபாய், கூடுதல் செலவு ஏறத்தாழ 2,760 ரூபாய். அப்போது தாராளமாக வாங்கலாம். உங்கள் வால்வைப் பொறுத்தவரை கோடு இரண்டேகால் சதவீதத்தில் இருக்கிறது. அதற்குக் கீழே எவர் சொன்னாலும் வேண்டாம். அதற்கு மேலே என்றால், அது பில்லிலேயே கழிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். காலாண்டு முடிந்ததும் கிரெடிட் நோட் வரும் என்று சொல்லப்படும் தள்ளுபடியை, அது கைக்கு வரும் வரை பூஜ்யம் என்றே எழுதிக்கொள்ளுங்கள்.

மாதக் கடைசி வாரத்தில் "அடுத்த மாதம் விலை ஏறுகிறது" என்று அவர் சொல்வதற்கும், அவருடைய மாத இலக்கு நிறைவேறாமல் இருப்பதற்கும் உள்ள தொடர்பை நீங்களே ஊகிக்கலாம். 30 நாள் கடன் தருகிறோமே என்பார். அந்த 30 நாளில் நீங்கள் விற்றிருப்பது ஏறத்தாழ 86 வால்வு. மீதி 394க்கான 46,000 ரூபாய்க்கு மேற்பட்ட தொகை உங்கள் ஓடியிலிருந்துதான் போகும். வங்கியும் இதில் உங்களுக்குத் துணை நிற்பதில்லை. மாதாமாதம் கேட்கும் சரக்கு அறிக்கையில் சரக்கு அதிகம் இருந்தால் ஓடியில் பணம் எடுக்கும் வரம்பு உயரும் என்ற ஆசையைக் காட்டுகிறது; ஆனால் பணம் கொடுக்காத சரக்கைக் கழித்து, உங்கள் கைப்பணமாக இருக்க வேண்டிய பங்கான மார்ஜினையும் கழித்துத்தான் வரம்பு போடுகிறது.

எப்போது ஆர்டர் போடுவது என்பது முற்றிலும் வேறு கணக்கு. 120 என்ற எண்ணுக்கும் அதற்கும் உறவில்லை. ஆர்டர் சொன்ன நாளிலிருந்து சரக்கு அலமாரிக்கு வரும் நாள் வரை எத்தனை நாள் ஆகிறது என்பதே இங்கு முக்கியம். விநியோகஸ்தர் மூன்று நாள் என்பார். அதை நம்பாமல் உங்கள் பழைய பில்களைப் புரட்டி, எப்போது ஆர்டர் சொன்னீர்கள், எப்போது வந்தது என்று கடைசி எட்டுப் பத்து ஆர்டர்களுக்குப் பாருங்கள். வழக்கமாக ஒரு வாரமும் மிக மோசமான தடவையில் இரண்டு வாரமும் ஆகியிருந்தால், அதிகபட்ச விற்பனையான 26ஐ இரண்டு வாரத்தால் பெருக்கி வரும் 52தான் உங்கள் மறு ஆர்டர் மட்டம், அதாவது இருப்பு இதைத் தொட்டதும் ஆர்டர் போட வேண்டும். வழக்கமான ஒரு வாரத்துக்கு 20 போக, மீதி 32 காப்பு இருப்பு. அதை வைத்திருக்க ஆண்டுக்கு ஏறத்தாழ 690 ரூபாய் ஆகும். வால்வு இல்லை என்று ஒரு பிளம்பர் எதிர்க்கடைக்குப் போனால் அவருடைய குழாயும் எல்போவும் சேர்ந்தே போய்விடும் என்பதால், அந்தச் செலவை நான் குறைக்கச் சொல்ல மாட்டேன்.

பில் போடும் மென்பொருளை நிறுவ வந்தவர் எல்லாச் சரக்குக்கும் மறு ஆர்டர் மட்டம் 10 என்று போட்டுவிட்டுப் போயிருப்பார், போய்ப் பாருங்கள். அதை 52 என்று மாற்றினாலும், ஆர்டர் சொல்லி வழியில் இருக்கும் சரக்கைக் கூட்டியும், பிளம்பருக்கு ஒதுக்கி வைத்ததைக் கழித்தும் பார்த்த பிறகே இருப்பு 52ஐத் தொட்டதா என்று முடிவு செய்ய வேண்டும். இல்லையெனில் வந்துகொண்டிருக்கும் பெட்டிக்கு மேல் இன்னொரு ஆர்டரும் போய்விடும். மென்பொருளின் மேல் நம்பிக்கை இல்லையென்றால், 52 வால்வை எண்ணித் தனிச் சாக்கில் கட்டி அலமாரியின் பின்வரிசையில் வையுங்கள். அந்தச் சாக்கைப் பிரிக்க வேண்டிய நாளில் ஆர்டர் சொல்லிவிட்டு, அன்றைய தேதியைச் சாக்கின் மேல் எழுதச் சொல்லுங்கள். சரக்கு வந்த தேதியையும் அதன் கீழேயே எழுதினால், அடுத்த முறை இரண்டு வாரம் என்பது சரிதானா என்று விநியோகஸ்தரைக் கேட்காமலே தெரிந்துகொள்வீர்கள்.