குட்டி யானையில் என் பங்கு எங்கே இருக்கிறது?

கேள்வி: நானும் நண்பரும் ஒட்டன்சத்திரம் சந்தையில் காய்கறி எடுத்துத் தனித்தனியாக வியாபாரம் செய்கிறோம். இருவரும் சேர்ந்து பழைய குட்டி யானை ஒன்றை 3 லட்சத்துக்கு வாங்கப் போகிறோம். முன்பணம் 1 லட்சம், ஆளுக்குப் பாதி. மீதிக்குக் கடன், 30 மாதம், மாதம் 8,000 தவணை. ஆர்.சி.யும் கடனும் அவர் பெயரில். அவர்தான் அதிகம் ஓட்டுவார். எல்லாச் செலவையும் ஓட்டும் கிலோமீட்டரை வைத்துப் பிரித்துக்கொள்ளலாமா?

பதில்: டீசலையும் ரிப்பேரையும் அப்படிப் பிரிக்கலாம். முன்பணத்தையும் தவணையையும் அப்படிப் பிரிக்காதீர்கள். அவை வண்டியை உங்களுக்குச் சொந்தமாக்கும் பணம். தவணையைக் கிலோமீட்டர் கணக்கில் கட்டினால், நீங்கள் காய்ச்சலில் படுத்த மாதம் உங்கள் பங்கும் குறையும். விற்கும்போது யாருக்கு எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. பாதி முன்பணம் என்றால் தவணையும் பாதி, 4,000. இன்சூரன்ஸ், வரி, எஃப்.சி. செலவும் அப்படியே.

அவர் கூடுதலாக ஓட்டுவதால் வரும் தேய்மானத்துக்கு வேறு வழி இருக்கிறது. ஓட்டும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 2 ரூபாய் ஒரு பொதுக் கணக்கில் போடுங்கள். மாதம் அவர் 1,800 கி.மீ., நீங்கள் 1,200 கி.மீ. ஓட்டினால் அவர் பங்கு 3,600, உங்களுடையது 2,400. டயர், ஆயில், கிளட்ச் எல்லாம் அதிலிருந்து. இடித்துக்கொண்டு வந்தால் மட்டும் ஓட்டியவர் செலவு. சாவி கைமாறும்போது டேங்க் நிறைந்திருக்க வேண்டும். மீட்டரைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். அப்புறம் சண்டைக்கு இடமே இருக்காது.

என் கவலை ஆர்.சி.யைப் பற்றியது. பலர் சேர்ந்து வாங்கிய வண்டியானாலும் விண்ணப்பிக்கும் ஒருவரையே மோட்டார் வாகனச் சட்டம், 1988, பிரிவு 41 உரிமையாளராகக் கருதுகிறது. விபத்து இழப்பீட்டு வழக்கு உரிமையாளராக அவர் மேல் வரும். அதே சமயம், ஆர்.சி.யில் உங்கள் பெயர் இல்லாததால் உங்கள் பாதிக்கு ஆதாரம் நீங்கள் எழுதி வாங்கும் ஒப்பந்தம்தான். அதை முத்திரைத்தாளில், இரண்டு சாட்சிகளோடு, பணம் கொடுப்பதற்கு முன்பே எழுதுங்கள். வண்டி இருவருக்கும் சரிபாதி, வியாபாரம் தனித்தனி, லாபப் பங்கு கிடையாது என்று அதில் இருக்கட்டும். வாடகைக்கு ஓட்டி லாபத்தைப் பங்கிட்டால் அது கூட்டு வணிகமாகப் பார்க்கப்படலாம். பதிவு செய்யாத கூட்டு வணிகத்தில், கணக்குத் தீர்க்கவோ கலைக்கவோ தவிர, ஒப்பந்த உரிமைக்காக ஒருவர் மேல் ஒருவர் வழக்குப் போட முடியாது.

பிரியும்போது என்ன கணக்கு என்பதையும் எழுதுங்கள். ஒரு வருடம் கழித்து வண்டி 2,60,000 போகிறது, கடன் பாக்கி 1,30,000 என்று வைத்துக்கொள்வோம். கடனை அடைத்தது போக 1,30,000, ஆளுக்கு 65,000. வண்டியை வைத்துக்கொள்பவர் மற்றவருக்கு அதைக் கொடுத்துவிட வேண்டும்.

உங்கள் 50,000 விற்பவரின் வங்கிக் கணக்குக்கே போகட்டும். நண்பரின் கையில் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். கடனுக்கு ஜாமீன் கையெழுத்துக் கேட்டால் யோசியுங்கள்: அவர் கட்டத் தவறினால் உங்களிடம் பாதியை அல்ல, முழுப் பாக்கியையும் கேட்பார்கள்.