கடைசி மடலின் மொழியைப் பார்க்காதீர்கள்

“அக்கா, மொன்றியலில் ஒரு சரக்கு நிறுவனத்தில் சேர்ந்து இரண்டு வாரம். பண்டகசாலைப் பொறுப்பாளர் பிரெஞ்சில் எழுதுகிறார், ரொறன்ரோ வாடிக்கையாளர் ஆங்கிலத்தில் கேட்கிறார், கணக்குப் பிரிவு மறுபடியும் பிரெஞ்சில். கடைசியாக மேலாளர் ஆங்கிலத்தில் ஒற்றை வரி எழுதி, பதில் அனுப்பும் வேலையை என்னிடம் விட்டுவிட்டார். என் பிரெஞ்சு சுமார்தான். எந்த மொழியில் பதில் எழுதுவது?”

தம்பி, புதிதாக வருகிறவர்கள் தொடரின் கடைசி மடல் எந்த மொழியில் இருக்கிறதோ அதிலேயே பதில் எழுதிவிடுவார்கள். நானும் முதல் ஆண்டு அப்படித்தான் எழுதினேன். அது தவறான இடத்தைப் பார்ப்பது. மேலாளர் ஆங்கிலத்தில் எழுதியது உங்களுக்காக மட்டும். உங்கள் பதிலைப் படித்துவிட்டு யார் எழுந்து போய் ஒரு வேலையைச் செய்ய வேண்டுமோ, அவருடைய மொழிதான் உங்கள் பதிலின் மொழி. அவருடைய மொழி எது என்பது, தொடரில் அவர் தானாகத் தொடங்கி எழுதிய முதல் மடலில் தெரியும். நடுவில் வேறொருவருக்கு மரியாதையாக மொழி மாற்றி எழுதிய வரிகளைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

எங்கள் அலுவலகத்தில் நடப்பதைப் போன்ற ஒரு தொடரையே எடுத்துக்கொள்வோம். செந்-லோரோன் பகுதியிலுள்ள பண்டகசாலையிலிருந்து பிரெஞ்சில் ஒரு மடல்: 18 தட்டுச் சரக்கில் 12 தயார், மீதி 6 லேபிளுக்காகக் காத்திருக்கின்றன. ரொறன்ரோவிலிருந்து ஆங்கிலத்தில்: எல்லாம் வியாழக்கிழமைக்குள் வந்துவிடுமா? கணக்குப் பிரிவு பிரெஞ்சில்: விலைப்பட்டியலை இரண்டாகப் பிரிக்கவா? இப்போது மூன்று பேருக்கு மூன்று வேலை இருக்கிறது. பொறுப்பாளர் 12 தட்டுகளை லாரியில் ஏற்ற வேண்டும். வாடிக்கையாளர் இறக்குவதற்கு ஆள் ஏற்பாடு செய்ய வேண்டும். கணக்கர் இரண்டு பட்டியல் போட வேண்டும்.

எல்லாருக்கும் ஒரே மடல் போதும். அதில் மூன்று சிறு பத்திகள் எழுதுங்கள். ஒவ்வொரு பத்தியும் அவரவர் பெயரோடு தொடங்கட்டும், அவரவர் மொழியில் இருக்கட்டும். பொறுப்பாளருக்குப் பிரெஞ்சில் இரண்டு வாக்கியம், வாடிக்கையாளருக்கு ஆங்கிலத்தில் மூன்று, கணக்கருக்குப் பிரெஞ்சில் ஒன்று. எல்லாருக்கும் பொதுவான விவரத்தை, அதாவது 12, 6, எந்தக் கிழமை என்பதை மட்டும், இரண்டு மொழியிலும் திரும்ப எழுதுங்கள்.

முழு மடலையும் மேலே பிரெஞ்சிலும் கீழே ஆங்கிலத்திலும் எழுதுவது பாதுகாப்பானது என்று உங்களுக்குத் தோன்றலாம். ஊழியர் அனைவருக்கும் போகும் அறிவிப்புக்கு அது சரி. நடந்துகொண்டிருக்கும் வேலைத் தொடருக்கு ஆகாது. யாராவது ஆங்கிலப் பாதியில் ஒரு நாளைத் திருத்துவார், பிரெஞ்சுப் பாதி பழைய நாளோடு அப்படியே கிடக்கும். மூன்றாவது பதிலுக்குள் ஒரே மடலில் இரண்டு உண்மைகள் உருவாகிவிடும்.

என் கையாலேயே நடந்த பிழையைச் சொல்கிறேன், இன்றும் அது எனக்கு உறுத்துகிறது. பண்டகசாலை ஒரு முறை ‘எவான்துயெல்மான்’ வியாழக்கிழமை அனுப்ப முடியும் என்று எழுதியது. ஆங்கில ‘இவென்சுவலி’ போலவே ஒலிக்கும் சொல். ‘ஒருவழியாக வியாழன் வந்துவிடும்’ என்று புரிந்துகொண்டு, அதையே வாடிக்கையாளருக்கு ஆங்கிலத்தில் உறுதியாக எழுதிவிட்டேன். பிரெஞ்சில் அதன் பொருள் ‘ஒருவேளை’. வியாழனன்று சரக்கு இறக்க இரண்டு பேர் அங்கே நாள் முழுவதும் காத்திருந்தார்கள், லாரி போகவே இல்லை. இதேபோல் ‘துமான்தே’ என்றால் கேட்பது, அதட்டிக் கோருவது அல்ல. ‘அக்துயெல்மான்’ என்றால் தற்போது, ஆங்கிலத்தில் அதே உருவமுள்ள சொல்லின் பொருளான ‘உண்மையில்’ அல்ல. ஒரு மொழியில் படித்து இன்னொரு மொழியில் பதில் எழுதும்போதுதான் இந்தச் சொற்கள் நம்மை வீழ்த்தும். வாக்குறுதியைப் போல ஒலிக்கும் எந்த வரியையும் மறுமொழிக்குக் கொண்டுபோகும் முன், எழுதியவரிடம் அவர் மொழியிலேயே ஒரு வரி கேளுங்கள்: வியாழன் உறுதியா, வாய்ப்பு மட்டும்தானா?

எண்ணும் அப்படித்தான். பிரெஞ்சில் தசமத்துக்குக் காற்புள்ளி போடுவார்கள், ஆயிரத்துக்கு இடைவெளி விடுவார்கள். பண்டகசாலையின் ‘1,250’ டன் என்பது ஒன்றேகால் டன். ரொறன்ரோவில் அதையே ஆயிரத்து இருநூற்றைம்பது என்று படிப்பார்கள். வெட்டி ஒட்டாமல், பத்தியின் மொழிக்கு ஏற்ப எண்ணைத் திருப்பி எழுதுங்கள். கிலோவில் 1250 என்று குறியே இல்லாமல் எழுதினால் இரு பக்கத்துக்கும் குழப்பமில்லை.

மடலின் தலைப்பாக வரும் பொருள் வரியை மட்டும் மொழிபெயர்க்காதீர்கள். பிரெஞ்சில் தொடங்கியிருந்தால் பிரெஞ்சிலேயே இருக்கட்டும். மாற்றினால் ஜிமெயில் அதைப் புதுத் தொடராகப் பிரித்துவிடும், பிறகு பழைய மடல்களைத் தேடி அலைய வேண்டும்.

உங்கள் சுமாரான பிரெஞ்சைப் பற்றி. நீங்கள் பிரெஞ்சில் எழுதியதும் சிலர் ஆங்கிலத்தில் பதில் தருவார்கள். பெரும்பாலும் அது உங்களுக்கு எளிதாக்கும் எண்ணம்தான், நிராகரிப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் அங்கேயே நீங்களும் ஆங்கிலத்துக்குத் தாவிவிட்டால், அந்த மனிதரோடு உங்கள் பிரெஞ்சு அன்றோடு நின்றுவிடும். அடுத்த மடலையும் பிரெஞ்சிலேயே எழுதி, தயவுசெய்து எனக்குப் பிரெஞ்சிலேயே பதில் தாருங்கள் என்று ஒரு வரி சேருங்கள். இங்குள்ளவர்கள் அதை மறக்க மாட்டார்கள். முன்பின் தெரியாதவருக்கு ‘வூ’ என்று மரியாதையில் எழுதுங்கள், அவர் உங்களை ‘த்யூ’ என்று அழைத்த பிறகு நீங்களும் மாறலாம். விலை, ஒப்பந்தம், விபத்து என்று வந்தால் மட்டும் பயிற்சியை ஒதுக்கி வையுங்கள். உங்களுக்குத் திடமாகத் தெரிந்த மொழியில் முழுவதையும் எழுதுங்கள். முக்கியமான ஒரு வரியை மட்டும் அவர் மொழியில் எழுதி, அனுப்பும் முன் சக ஊழியர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1977ஆம் ஆண்டின் பிரெஞ்சு மொழிச் சாசனமும் 2022இல் வந்த திருத்தமும் கெபெக்கில் தொழிலாளருக்குப் பிரெஞ்சில் வேலை செய்யும் உரிமையைத் தருகின்றன. நிறுவனம் ஊழியருக்கு அனுப்பும் எழுத்துத் தொடர்பு பிரெஞ்சில் இருக்க வேண்டும். வேறு மொழியிலும் அனுப்பினால் பிரெஞ்சு வடிவம் அதற்குக் குறையாத வசதியோடு கிடைக்க வேண்டும். ஆகவே வேலைமுறை, பணி நேரம் போன்றவற்றை நிறுவனத்தின் சார்பில் குழு முழுவதற்கும் அனுப்பச் சொன்னால், யாரும் குறைசொல்ல மாட்டார்கள் என்று ஆங்கிலத்தில் மட்டும் அனுப்பாதீர்கள். ரொறன்ரோ வாடிக்கையாளருக்கு ஆங்கிலத்தில் எழுதுவது வேறு விஷயம்.

பிரெஞ்சு வகுப்புக்கு 2023இல் தொடங்கிய பிரான்சிசாசியோன் கெபெக் என்ற அரசு அமைப்பில் பதிவு செய்யுங்கள், கட்டணமில்லை. இப்போது கையிலிருக்கும் தொடருக்குப் பண்டகசாலைப் பொறுப்பாளரின் பத்தியை முதலில் எழுதுங்கள். லாரி கிளம்பும் நேரம் அவர் கையில்தான் இருக்கிறது. அவர் உறுதி சொன்ன பிறகு வாடிக்கையாளரின் பத்தியை எழுதலாம்.