சைனா, காஸா, டேனா: தேவையில்லாத பக்கத்தை முதலில் கண்டுபிடியுங்கள்

கேள்வி: செங்கோண முக்கோண ஒர்க்‌ஷீட்டில் பக்கங்களுக்கெல்லாம் பெயரும் நீளமும் போட்டிருக்கிறது. சூத்திரம் மூன்றும் மனப்பாடம்தான். ஆனால் கணக்கைப் பார்த்ததும் சைனா, காஸா, டேனா என்று முடிவு செய்ய முடியவில்லை. எதிர்ப்பக்கமும் அடுத்துள்ள பக்கமும் படத்துக்குப் படம் மாறிப்போகிறது. எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்:

மாணவர்களின் தாள்களைத் திருத்தும்போது நான் அடிக்கடி பார்ப்பது இதைத்தான். சூத்திரம் சரியாக இருக்கும், பெருக்கல் வகுத்தல் சரியாக இருக்கும், ஆனால் பக்கத்துக்கு வைத்த பெயர் தப்பாக இருக்கும். அதனால் முதலில் பெயர் வைப்பதைச் சரி செய்துகொள்வோம். அது சரியாகிவிட்டால் எந்த விகிதம் என்பது தானாகவே தெரிந்துவிடும்.

மூன்று பக்கங்களில் கர்ணம் மட்டும்தான் முக்கோணத்துக்கே சொந்தமான பெயர். செங்கோணத்துக்கு எதிரே இருப்பது கர்ணம், அது எப்போதும் மாறாது. மற்ற இரண்டு பெயர்களும் கோணத்தைப் பொறுத்தவை. எந்தக் கோணத்தில் நின்று பார்க்கிறோம் என்று சொல்லாமல் "இது எதிர்ப்பக்கம்" என்று சொல்லவே முடியாது. படத்துக்குப் படம் மாறுகிறது என்று உங்களுக்குத் தோன்றுவது சரிதான், அது மாறத்தான் வேண்டும். செங்குத்தாக நிற்கும் கோடு எதிர்ப்பக்கம், படுத்திருக்கும் கோடு அடுத்துள்ள பக்கம் என்று பலர் மனதில் பதிய வைத்திருப்பார்கள். ஒர்க்‌ஷீட்டில் வரும் முதல் சில படங்களுக்கு அது பொருந்திவிடும். முக்கோணத்தைச் சாய்த்தோ தலைகீழாகவோ வரைந்திருந்தால் உடனே காலை வாரிவிடும்.

முனைகளுக்கு எழுத்து கொடுத்திருந்தால் படத்தின் சாய்வைப் பற்றிக் கவலையே வேண்டாம். PQR என்ற முக்கோணத்தில் Q செங்கோணம் என்று வைத்துக்கொள்வோம். PQ = 8, QR = 15, PR = 17. கேட்டிருப்பது R கோணத்தின் விகிதங்கள். இப்போது எழுத்தை மட்டும் பாருங்கள். செங்கோண எழுத்தான Q எந்தப் பக்கத்தின் பெயரில் இல்லையோ அது கர்ணம்: PR. நமக்கு வேண்டிய கோணத்தின் எழுத்தான R எந்தப் பக்கத்தின் பெயரில் இல்லையோ அது எதிர்ப்பக்கம்: PQ. மிச்சமிருக்கும் QR அடுத்துள்ள பக்கம். அதில் Q, R இரண்டு எழுத்தும் இருக்கும், ஏனென்றால் அது செங்கோணத்தையும் நம் கோணத்தையும் இணைக்கும் பக்கம்.

இந்த வரிசையை மாற்றாதீர்கள்: முதலில் கர்ணம், பிறகு எதிர்ப்பக்கம், கடைசியில் மிச்சம். அடுத்துள்ள பக்கத்தை முதலில் தேடினால் ஒரு சிக்கல் வரும். R முனையைத் தொட்டுக்கொண்டு இரண்டு பக்கங்கள் இருக்கின்றன, அதில் ஒன்று கர்ணம். "கோணத்துக்குப் பக்கத்தில் இருப்பது" என்று தேடினால் அந்தக் கர்ணத்தையே எடுத்துவிட வாய்ப்பு அதிகம். கர்ணத்துக்கு முன்பே பெயர் வைத்துவிட்டால் அந்தக் குழப்பத்துக்கு இடமில்லை.

பெயர் வைத்தபின் விகிதங்களை அப்படியே எழுதலாம்.

sin R = எதிர்ப்பக்கம் / கர்ணம் = 8/17
cos R = அடுத்துள்ள பக்கம் / கர்ணம் = 15/17
tan R = எதிர்ப்பக்கம் / அடுத்துள்ள பக்கம் = 8/15

அதே படத்தில் கேள்வி P கோணத்துக்கு மாறினால் கர்ணம் அதே PR. ஆனால் P இல்லாத பக்கம் QR, ஆகவே 15 இப்போது எதிர்ப்பக்கம், 8 அடுத்துள்ள பக்கம். sin P = 15/17, cos P = 8/17, tan P = 15/8. sin P-யும் cos R-ம் ஒன்றாக வந்திருப்பதைக் கவனியுங்கள். ஒரே பக்கத்தைத்தான் ஒரு முனை எதிர்ப்பக்கம் என்கிறது, இன்னொரு முனை அடுத்துள்ள பக்கம் என்கிறது. ஒர்க்‌ஷீட்டில் இரண்டு கோணங்களையும் அடுத்தடுத்துக் கேட்டால் இப்படி மாறி வந்திருக்கிறதா என்று பார்த்தாலே பெயர் சரியா என்பது தெரிந்துவிடும்.

சில தாள்களில் பக்கங்களை p, q, r என்று சிறிய எழுத்தால் குறித்திருப்பார்கள். வழக்கமாக p என்பது P முனைக்கு எதிரே இருக்கும் பக்கம். அப்படிக் குறித்திருந்தால் இன்னும் சுலபம்: Q செங்கோணம் என்றால் q கர்ணம், R கோணத்துக்கு r எதிர்ப்பக்கம், மிச்சம் p.

இனி உங்கள் உண்மையான கேள்விக்கு வருகிறேன். ஒரு பக்கம் தெரியும், ஒரு கோணம் தெரியும், இன்னொரு பக்கத்தைக் கண்டுபிடி என்று கேட்டால் மூன்றில் எது? பலரும் தெரிந்த பக்கத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யப் பார்க்கிறார்கள். ஆனால் விகிதம் என்றாலே இரண்டு பக்கங்கள் வேண்டும். கணக்கில் பேசப்படும் பக்கங்கள் இரண்டு: கொடுத்தது ஒன்று, கேட்டது ஒன்று. மூன்றாவது பக்கத்துக்கு அந்தக் கணக்கில் வேலையே இல்லை. அதைப் பென்சிலால் அடித்துவிடுங்கள். அடிபட்டது அடுத்துள்ள பக்கம் என்றால் சைன். அடிபட்டது எதிர்ப்பக்கம் என்றால் காஸ். அடிபட்டது கர்ணம் என்றால் டேன். ஒவ்வொரு விகிதமும் ஒரு பக்கத்தை விட்டுவிடுகிறது என்பதால் இது எப்போதும் பொருந்தும்.

ஒன்றைச் செய்து பார்ப்போம். ABC முக்கோணத்தில் B செங்கோணம், A கோணம் 40°, AB = 9 செ.மீ., AC எவ்வளவு? B இல்லாத பக்கம் AC, அது கர்ணம். A இல்லாத பக்கம் BC, அது எதிர்ப்பக்கம். மிச்சம் AB அடுத்துள்ள பக்கம். கொடுத்தது AB, கேட்டது AC. BC பற்றிப் பேச்சே இல்லை, அதை அடித்துவிடலாம். எதிர்ப்பக்கம் போய்விட்டது, ஆகவே காஸ்.

cos 40° = AB / AC = 9 / AC
AC = 9 / cos 40° = 9 / 0.7660 ≈ 11.75 செ.மீ.

இங்கே ஒரு இடம் வழுக்கும். தெரியாத பக்கம் பின்னத்தின் கீழே இருக்கிறது. சைன் கணக்குகளில் பெரும்பாலும் பெருக்கிப் பழகிய கை இங்கேயும் 9 × 0.7660 = 6.89 என்று எழுதிவிடும். விகிதம் சரி, விடை தப்பு. ஆனால் விடையைப் பார்த்தாலே தெரியும்: கர்ணம்தான் மிக நீளமான பக்கம், அது 9-ஐவிடச் சின்னதாக 6.89 வர முடியாது. கர்ணத்தைக் கேட்ட ஒவ்வொரு கணக்கிலும் விடை மற்ற பக்கத்தைவிடப் பெரிதா என்று ஒரு பார்வை பாருங்கள், அது போதும்.

இதே மாதிரி, பக்கங்களைக் கொடுத்து விகிதத்தைக் கேட்கும் கணக்கில் சைனோ காஸோ 1-ஐத் தாண்டினால், கர்ணத்தை எங்கோ மேலே எழுதியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். 17/8 என்று சைன் வரவே வராது. டேனுக்கு இந்தச் சோதனை செல்லாது, அது 15/8 போல 1-க்கு மேலும் வரும். எதிர்ப்பக்கத்தையும் அடுத்துள்ள பக்கத்தையும் மாற்றிப் போட்டிருந்தால் இந்தச் சோதனையில் அது பிடிபடவும் பிடிபடாது. அதற்கு வேறு வழி இருக்கிறது. கோணம் 45°-ஐவிடச் சிறியது என்றால் எதிர்ப்பக்கம் அடுத்துள்ள பக்கத்தைவிடச் சின்னதாக இருக்க வேண்டும். பெரிய கோணமென்றால் நேர்மாறு.

இரண்டு பக்கங்களைக் கொடுத்துக் கோணத்தைக் கேட்டாலும் அடிக்கும் வேலை அதேதான், கொடுக்காத பக்கத்தை அடிக்க வேண்டும். எதிர்ப்பக்கம் 7, அடுத்துள்ள பக்கம் 10 என்றால் கர்ணம் அடிபடும், tan θ = 0.7, கால்குலேட்டரில் tan⁻¹ அழுத்தினால் ஏறக்குறைய 35°. மூன்று பக்கமும் கொடுத்திருந்தால் எந்த விகிதத்தை எடுத்தாலும் ஒரே கோணம்தான் வரும், எது வசதியோ அதை எடுங்கள். கால்குலேட்டர் DEG-இல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். RAD-இல் இருந்தால் sin 35 அழுத்தியதும் −0.428 என்று வரும். செங்கோண முக்கோணத்தில் குறைக்குறி வந்தாலே நிறுத்திவிட்டு மோடைப் பாருங்கள்.

செங்கோணமே இல்லாத முக்கோணமாக இருந்தால் இதில் எதுவும் செல்லாது. பக்கங்கள் 6, 8, 11 என்று இருந்தால் 36 + 64 = 100, 11-இன் வர்க்கம் 121. அது செங்கோண முக்கோணமே இல்லை, கர்ணம் என்று பெயர் வைக்கவும் அதில் பக்கம் இல்லை.

ஒர்க்‌ஷீட்டின் கடைசியில் இரண்டு முக்கோணங்கள் ஒட்டியிருக்கும் படம் வரும். முன்பு பெயர் வைத்த ABC-யின் AC மேலேயே ACD என்று இன்னொரு முக்கோணம், அதில் C செங்கோணம், CAD கோணம் 25°, CD எவ்வளவு என்று கேட்பார்கள். முதல் முக்கோணத்தில் AC கர்ணம் என்று எழுதி வைத்திருப்பதால், இரண்டாவதிலும் அதையே கர்ணமாக எடுக்கத் தோன்றும். பழைய பெயர்களை மறந்துவிட்டு, ACD-க்குப் புதிதாகப் பெயர் வையுங்கள். C இல்லாத பக்கம் AD, அதுதான் இதில் கர்ணம். A இல்லாத பக்கம் CD, எதிர்ப்பக்கம். AC இப்போது அடுத்துள்ள பக்கம். தெரிந்தது AC = 11.75, கேட்டது CD, அடிபடுவது கர்ணம் AD. ஆகவே டேன்: CD = 11.75 × tan 25° = 11.75 × 0.4663 ≈ 5.48 செ.மீ. கோணம் 45°-ஐவிடச் சிறியது, எதிர்ப்பக்கமும் சின்னதாகவே வந்திருக்கிறது.