புள்ளி இல்லாத வரியில் எங்கே நிற்பது?

வணக்கம். வெள்ளவத்தையில் நாங்கள் சில பேர் மாதம் ஒருமுறை கூடிக் கவிதை வாசிக்கிறோம். போன முறை உங்கள் கவிதை ஒன்றில் சண்டை வந்துவிட்டது.

மழை விடும்
தெரு காயும்
கடை திறக்கும்
பையன்
சிரிப்பான்

'திறக்கும்' என்ற இடத்தில் நிற்க வேண்டும் என்று ஒருவர். 'கடை திறக்கும் பையன்' என்று சேர்த்து வாசிக்க வேண்டும் என்று இன்னொருவர். நீங்கள் ஒரு புள்ளி வைத்திருந்தால் பிரச்சினையே இல்லை. ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சின்ன எழுத்தில் எழுதுகிறார்களே, அதைப் பார்த்து வந்த பழக்கமா?
ஒரு வாசகி, வெள்ளவத்தை

அன்புள்ள வாசகிக்கு,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். தமிழில் பெரிய எழுத்தே கிடையாது, அதனால் நாம் இழக்க ஒன்றுமில்லை. 'மலர் வந்தாள்' என்றால் ஆள், 'மலர் வாடியது' என்றால் பூ. வினைமுற்றே காட்டிக்கொடுத்துவிடும். அப்புறம், சின்ன எழுத்துக்குப் பேர்போன ஈ. ஈ. கம்மிங்ஸ் குறிகளைக் கைவிட்டவர் அல்ல. அடைப்புக்குறியையும் காற்புள்ளியையும் கண்ட இடத்தில் போட்டு விளையாடியவர். குறிகளை மொத்தமாக எடுத்தவர் என்றால் பிரெஞ்சுக் கவிஞர் அப்போலினேர். 1913இல் வந்த தன் தொகுப்பின் அச்சுப் பிரதியைத் திருத்தும்போதுதான் எல்லாவற்றையும் அடித்தார்.

நமக்கு ஏட்டில் இந்தக் குறிகள் இருந்ததே இல்லை. அவை 19ஆம் நூற்றாண்டில் அச்சோடு பரவியவை. நம் பக்கத்தில் நாவலரின் பதிப்புகளுக்கு அதில் பெரிய பங்குண்டு. அதற்கு முன் எப்படி வாசித்தார்கள்? வினையின் வாலைப் பிடித்துத்தான். 'திறந்தது' என்றால் வாக்கியம் முடிந்தது. 'திறந்து' என்றால் இன்னொரு வினை வரும். 'திறந்த' என்றால் பெயர் ஒன்று வந்தே ஆக வேண்டும்.

ஆனால் 'திறக்கும்' மட்டும் இரண்டு வேலை பார்க்கும். 'கடை திறக்கும்' என்று முற்றாக நிற்கும், 'திறக்கும் பையன்' என்று எச்சமாகவும் ஓடும். இறந்தகாலத்தில் எழுதியிருந்தால் உங்கள் கூட்டத்தில் சண்டையே வந்திராது. முற்றாக நிற்பதும் இன்றைய எழுத்துத் தமிழில் அஃறிணைக்கு மட்டும்தான். அதனால்தான் மழை, தெரு, கடை என்று வைத்தேன். 'அம்மா திறப்பாள் பையன்' என்று எழுதினால் இரண்டாவது வழிக்கு இடமில்லை.

வரிசையையும் பாருங்கள். முதல் இரண்டு வரியும் முற்றாகவே முடிகின்றன. காது அந்தத் தாளத்துக்குப் பழகி மூன்றாவதையும் அப்படியே முடித்துவிடும். பிறகு 'பையன்' தனியாக வந்து நிற்கிறான், கண் ஒரு வரி மேலே போகிறது. நின்று வாசித்தால் கடை தானாகத் திறக்கிறது, பையன் வெளியே காத்திருந்த யாரோ. சேர்த்து வாசித்தால் அவன் அங்கே வேலை செய்கிறவன், மழையால் இத்தனை நேரம் வியாபாரம் போனவன். சிரிப்பு இரண்டிலும் ஒன்றல்ல. 'திறக்கும்' பக்கத்தில் புள்ளி வைத்தால் இரண்டாவது பையனை நான் துரத்தியதாகிவிடும்.

இது புது வித்தையும் இல்லை. 'உண்ணாமை உள்ளது உயிர்நிலை ஊனுண்ண / அண்ணாத்தல் செய்யாது அளறு' என்ற குறளில் 'ஊன்' ஒருமுறைதான் வருகிறது. ஊன் உண்ணாமை என்று முன்னாலும், ஊன் உண்ண என்று பின்னாலும் அதைக் கூட்டிக்கொள்கிறோம். நன்னூல் இதைத் தாப்பிசைப் பொருள்கோள் என்கிறது. ஊஞ்சல் கயிறு மாதிரி நடுவில் தொங்கி இரு பக்கமும் போய்வருவது.

ஆனால் எல்லாக் குழப்பமும் இந்தக் கணக்கில் வராது. எனக்கு அனுப்பப்படும் கவிதைகளில் புள்ளியை விட்டவர்கள் ஒற்றையும் சேர்த்து விட்டுவிடுகிறார்கள். 'காலிமுகத்திடலில் நின்று கடலைப் பார்த்தான்' என்றால் சமுத்திரம். ஒற்றை எடுத்துவிட்டு 'கடலை பார்த்தான்' என்று எழுதினால் வண்டியில் விற்கும் கடலை. எழுதியவர் நினைத்தது கடலைத்தான், இரண்டாவது பொருளால் கவிதைக்கு ஒரு லாபமும் இல்லை, சிரிப்பு வருவதைத் தவிர. என் வரியில் அந்த ஆபத்து இல்லை. முற்றாக இருந்தாலும் எச்சமாக இருந்தாலும் 'திறக்கும்' பக்கத்தில் ஒற்று மிகாது, எழுத்து எந்தப் பக்கமும் சாட்சி சொல்லாது. மற்ற இடங்களில் நிறுத்தக்குறியின் வேலையில் பாதியை நமக்கு ஒற்றுத்தான் செய்கிறது. அதை நான் எங்கேயும் விடுவதில்லை.

எனவே உங்கள் இரு நண்பர்களும் சரிதான். சத்தமாக வாசிக்கும்போது ஒரு வாய் ஒரு இடத்தில்தான் நிற்க முடியும், அதனால் இரண்டு பேரையும் அடுத்தடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். மூன்றாமவர் ஒருவர் 'மழை விடும் தெரு' என்றும் சேர்க்கலாமே என்று கிளம்பக்கூடும். சேர்க்கலாம், ஆனால் அடுத்து வரும் 'காயும்' அதோடு எப்படிப் போகிறது என்று அவரே சொல்லட்டும். ஈரத்தை மழை விட்டுப்போன தெரு என்று அவர் நிறுவிவிட்டால் நான் ஒத்துக்கொள்கிறேன்.