மேடையில் முதல் வரி: அவையோரை எப்படி விளிப்பது? (கேள்வி பதில்)

"பெரியோர்களே, தாய்மார்களே"ன்னுதான் எங்க ஊர்ல எல்லாரும் ஆரம்பிப்பாங்க. மரியாதையான வார்த்தைதானே, இதுல என்ன குறை? (ஊராட்சி விழாக்களைத் தொகுத்து வழங்குபவர்)

மரியாதை இருக்கிறது, ஆனால் எல்லாருக்கும் இல்லை. தனியாக நிற்கும்போது "பெரியோர்" என்ற சொல் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. பக்கத்தில் "தாய்மார்களே" வந்ததுமே அது ஆண்களை மட்டும் குறிப்பதாகச் சுருங்கிவிடுகிறது. ஆண்களை வயதாலும் மதிப்பாலும் அழைக்கிறோம், பெண்களைத் தாய்மையால் அழைக்கிறோம். கல்லூரி முடித்த பெண்ணும், குழந்தை இல்லாதவரும், இருபது ஆண்டு தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவரும் ஒரே சொல்லுக்குள் போகிறார்கள். இளைஞர்கள் எந்தப் பக்கமும் சேரவில்லை.

"லேடீஸ் அண்ட் ஜென்டில்மென்" என்பதிலும் இதே இரண்டு பெட்டிதான். தமிழில் பேசுபவருக்கு இந்தச் சிக்கலே வேண்டியதில்லை. நம் பலர்பால் ஆண், பெண் என்று பிரிப்பதில்லை. "அவையோரே", "ஊர் மக்களே", "வந்திருக்கும் அனைவருக்கும்" என்று எதைச் சொன்னாலும் யாரும் விடுபட மாட்டார்கள். அடுத்த விழாவில் "நம்ம ஊர் மக்கள் அனைவருக்கும் வணக்கம்" என்று ஆரம்பியுங்கள். பெரியவர்கள் ஒருவரும் மரியாதை குறைந்ததாக நினைக்க மாட்டார்கள்.

பள்ளி ஆண்டு விழா. மேடையில் மாவட்டக் கல்வி அலுவலர், ஊராட்சித் தலைவர், தலைமையாசிரியர், எங்க முன்னாள் மாணவியான ஒரு திருநங்கை வழக்கறிஞர். கீழே பெற்றோர், பிள்ளைகள், ஊர்க்காரங்க. முழு முதல் பத்தியையும் எழுதித் தர முடியுமா? (சேலம், பட்டதாரி ஆசிரியர்)

இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

"அனைவருக்கும் வணக்கம். நம் பள்ளியின் ஆண்டு விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் தலைமையாசிரியர் அவர்களே, சிறப்பு விருந்தினராக வந்திருக்கும் மாவட்டக் கல்வி அலுவலர் அவர்களே, ஊராட்சித் தலைவர் அவர்களே, இதே பள்ளியில் படித்து இன்று வழக்கறிஞராக நம் முன் அமர்ந்திருக்கும் முன்னாள் மாணவர் அவர்களே, பெற்றோர்களே, ஆசிரியர்களே, மாணவச் செல்வங்களே! இந்த மாலைக்கு உங்களை வரவேற்கிறேன்."

பதவிக்குப் பிறகு பெயரைச் சேர்த்து "அவர்களே" சொல்லுங்கள். இதில் முக்கியமானது முதல் இரண்டு சொல். "அவர்களே, அவர்களே" என்று ஏகாரம் போட்டு அடுக்கினால் வாக்கியம் முடியாமல் தொங்கிக்கொண்டே இருக்கும். ஒரு பெயருக்கு நான்கைந்து விநாடி ஆகும். எட்டுப் பேர் என்றால் அரை நிமிடத்துக்கு மேல் கூட்டம் எதற்கும் பதில் சொல்ல முடியாமல் காத்திருக்கும். கடைசியில் வரும் வணக்கத்துக்குக் கை தட்டக்கூடத் தோன்றாது. "அனைவருக்கும் வணக்கம்" அந்த இடத்திலேயே முடிந்த வாக்கியம். சொல்லிவிட்டு இரண்டு விநாடி நிறுத்துங்கள். பிள்ளைகள் திருப்பி வணக்கம் சொல்வார்கள், சத்தம் அடங்கும், பிறகு பெயர்களுக்குப் போகலாம்.

வழக்கறிஞரை அவருடைய தொழிலாலும் பள்ளி உறவாலும் அழைத்திருப்பதைக் கவனியுங்கள். "திருநங்கை" என்று அறிமுகப்படுத்த வேண்டுமா என்பதை அவரிடமே முன்கூட்டிக் கேளுங்கள். "முன்னாள் மாணவி" என்று அழைப்பதை அவர் விரும்பினால் அப்படியே சொல்லுங்கள்.

நான் எல்லாரையும் சேர்க்கணும்னு "ஆண்களே, பெண்களே, திருநங்கைகளே"ன்னு ஆரம்பிச்சேன். பாராட்டுவாங்கன்னு பார்த்தா, விழா முடிஞ்சு ஒருத்தர் வருத்தப்பட்டார். ஏன்? (மதுரை, தன்னார்வலர்)

நோக்கம் நல்லது. ஆனால் அந்தச் சொல் விழுந்ததும் நானூறு தலைகள் திரும்பி யாரையோ தேடியிருக்கும். அரங்கில் ஒரே ஒரு திருநங்கை இருந்திருந்தால் அவர் அந்த நொடியில் காட்சிப்பொருள் ஆகிவிடுகிறார்.

இன்னொன்று, பட்டியல் போட்டால் யாரோ விடுபடுவார்கள். திருநங்கையைச் சொன்னீர்கள், திருநம்பியைச் சொல்லவில்லை. இருவரையும் சேர்த்துத் "திருநர்" என்று சொல்லலாம். அப்போதும் ஆண், பெண் என்ற இரண்டிலும் தன்னை வைத்துப் பார்க்காத ஒருவர் வெளியே நிற்பார். பொதுச்சொல்லுக்கு இந்தத் தொல்லை இல்லை.

விதிவிலக்கு உண்டு. ஏப்ரல் 15 தமிழகத்தில் திருநங்கையர் தினம். அன்றைய விழாவில், அவர்களே கூடியிருக்கும் அரங்கில், "திருநங்கைத் தோழர்களே" என்று பெயர் சொல்லி அழைப்பதுதான் சிறப்பு. யாருடைய விழா என்பதைப் பொறுத்தது இது.

லண்டன்ல "லேடீஸ் அண்ட் ஜென்டில்மென்" சொல்லவே கூடாதுன்னு சட்டம் போட்டுட்டாங்களே. இங்கயும் வந்துடும்னு சொல்றாங்க. (கோவை, ரோட்டரி உறுப்பினர்)

பாதி சரி. 2017 ஜூலையில் லண்டன் போக்குவரத்து நிறுவனம், ரயில் அறிவிப்புகளில் அதை விட்டுவிட்டு "குட் மார்னிங் எவ்ரிஒன்" போலச் சொல்லுமாறு தன் ஊழியர்களுக்கு அறிவுறுத்தியது. சட்டம் ஏதும் இல்லை, மேடைப் பேச்சாளர் யாரையும் அது கட்டுப்படுத்தாது. 2019-இல் ஏர் கனடாவும் இதே பாதையில் போனது.

நமக்குப் பயன்படும் எடுத்துக்காட்டு ஜப்பான் ஏர்லைன்ஸ். 2020 அக்டோபரில் ஆங்கில அறிவிப்பில் இருந்த "லேடீஸ் அண்ட் ஜென்டில்மெனை" எடுத்தார்கள். ஜப்பானிய அறிவிப்பை மாற்ற வேண்டியிருக்கவில்லை, அதில் முதலிலிருந்தே பொதுச்சொல்தான். தமிழும் அப்படித்தான். ஆங்கில வாய்பாட்டை அப்படியே தமிழாக்கிச் "சீமான்களே, சீமாட்டிகளே" என்று பேசப்போனால்தான் இல்லாத பிரிவினையை உள்ளே கொண்டுவருவோம்.

"மாணவர்களே"ன்னு சொன்னா பசங்கள மட்டும் சொல்ற மாதிரி. "மாணவ மாணவியரே"தான் சரின்னு எங்க தமிழாசிரியர் சொல்றார். (கல்லூரி மாணவி)

இலக்கணப்படி "மாணவர்" பலர்பால். "ஆசிரியர்", "மருத்துவர்" போல எல்லாருக்கும் பொது. அந்த வகையில் "மாணவர்களே" போதும்.

ஆனால் உங்கள் ஆசிரியரை முழுவதும் மறுக்க முடியவில்லை. "மாணவர், மாணவியர்" என்று அறிவிப்புப் பலகைகளில் பிரித்துப் படித்துப் பழகிய காதுக்கு, "மாணவர்" ஆண்பாலாகவே கேட்கிறது. கேட்பவர் காதில் எப்படி விழுகிறது என்பதும் சொல்லின் பொருள்தான். "மாணவச் செல்வங்களே" என்றால் சிக்கல் தீர்கிறது, பள்ளிக்கு மிகப் பொருத்தம். முதுகலை மாணவர்களிடம் அப்படிச் சொன்னால் குழந்தைகளாக நடத்துவது போலாகும்.

(இதே கேள்விக்கு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்): "மாணவியர்" என்று தனியே சொன்னதால்தான் பெண்பிள்ளைகள் தங்களை அவையில் எண்ணிக்கொண்டார்கள். பொதுச்சொல்லில் அவர்கள் மறுபடியும் மறைந்துபோகக் கூடாது.

நியாயமான கவலை. பெண்கள் புதிதாக நுழையும் அவைகளில் இதற்கு எடை அதிகம். இங்கே ஒரே முடிவு சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

விவேகானந்தர் சிகாகோவில் "சகோதரிகளே, சகோதரர்களே" என்றுதானே தொடங்கினார்? அதைவிட உயர்ந்தது உண்டா? (திருச்சி)

1893 செப்டம்பர் 11 அன்று அந்த விளிப்பு அரங்கை எழுப்பியதற்குக் காரணம், முன்பின் தெரியாத அயல்நாட்டாரை அவர் உறவாக்கியது. அந்த உறவு தமிழில் ஒரே சொல்லில் இருக்கிறது: "உடன்பிறப்புகளே". ஆண், பெண் பிரிவே இல்லாத அழகான சொல். ஆனால் கலைஞரின் முரசொலிக் கடிதங்களும் எம்.ஜி.ஆரின் மேடைகளும் அதைக் கட்சித் தொண்டர்களுக்கான அழைப்பாக ஆக்கிவிட்டன. குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் சொன்னால் அரசியல் வாடை வீசும். "தோழர்களே" என்பதற்கும் இதே நிலைதான். "நண்பர்களே" பாதுகாப்பானது, ஆனால் முதியோர் நிறைந்த அவையில் முதல் சொல்லாக வேண்டாம். வணக்கம் சொன்ன பிறகு வரட்டும்.

மேடையில முதல்ல தலைவர் பேரா, சிறப்பு விருந்தினர் பேரா? (நாமக்கல், நூலக வாசகர் வட்டம்)

கேள்வி வேறு பக்கம் போகிறது, ஆனாலும் சொல்கிறேன். கூட்டத்துக்குத் தலைமை ஏற்பவர் முதலில், சிறப்பு விருந்தினர் அடுத்து. நம் தலைப்போடு சேரும் ஒன்று: "திருமதி", "செல்வி" போடுமுன் யோசியுங்கள். ஆண்களுக்குத் "திரு" என்று நிறுத்திவிட்டுப் பெண்களுக்கு மட்டும் மணநிலையை ஒலிபெருக்கியில் அறிவிக்கிறோம். பதவி, பெயர், அவர்கள் என்ற மூன்றும் எல்லாருக்கும் பொருந்தும்.

டொராண்டோ பொங்கல் விழா. பாதிப் பேருக்குத் தமிழ் புரியாது. இரண்டு மொழியிலும் முழு விளிப்பும் சொல்லணுமா?

வேண்டாம். "அனைவருக்கும் வணக்கம். குட் ஈவினிங், எவ்ரிஒன்." இவ்வளவே. பிறகு விருந்தினர் பெயர்களை ஒரு முறை மட்டும் சொல்லுங்கள், பெயருக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை. தமிழில் "அனைவருக்கும்" என்று சொல்லிவிட்டு ஆங்கிலத்தில் பழக்கத்தால் "லேடீஸ் அண்ட் ஜென்டில்மென்" என்றோ "ஹாய் கைஸ்" என்றோ போய்விடுவதுதான் அடிக்கடி நடப்பது. ஆங்கில வரியையும் அட்டையில் எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் வரியில் கட்டிய பொதுமையை மூன்றாம் வரியில் உடைப்பதும் நடக்கும்: "மனைவி குழந்தைகளோடு வந்திருக்கும் எல்லாருக்கும் நன்றி." இதில் கேட்பவர்கள் ஆண்கள் மட்டும் என்றாகிவிட்டது. "குடும்பத்தோடும் நண்பர்களோடும் வந்திருப்பவர்கள்" என்று மாற்றுங்கள்.

"அனைவரும் எழுந்து நிற்கவும்"னு தமிழ்த்தாய் வாழ்த்துக்கு முன்னாடி சொல்றேன். முன்வரிசையில சக்கர நாற்காலியில ஒருத்தர் இருந்தார். எனக்கே சங்கடமாப் போச்சு. (விழுப்புரம்)

2021 டிசம்பர் அரசாணையிலேயே வழி இருக்கிறது. வாழ்த்துப் பாடும்போது அனைவரும் எழ வேண்டும் என்று சொல்லும் அதே ஆணை மாற்றுத்திறனாளிகளுக்கு விலக்கும் தருகிறது. "தமிழ்த்தாய் வாழ்த்து. இயன்றவர்கள் எழுந்து நிற்குமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்று சொல்லுங்கள். முட்டிவலிக்காரரும் நிம்மதியாக உட்காருவார்.

எல்லாம் புரிஞ்சுது. ஆனா மைக் முன்னாடி நின்னதும் வாய் தவறி "லேடீஸ் அண்ட் ஜென்டில்மென்" வந்துட்டா? (முதல் முறை மேடை ஏறுபவர்)

நிறுத்தி மன்னிப்புக் கேட்காதீர்கள். கேட்டால் கவனிக்காதவர்களும் கவனிப்பார்கள். ஒரு மூச்சு விட்டு, "உங்கள் அனைவருக்கும் வணக்கம்" என்று தொடருங்கள். இது வராமல் இருக்க, அட்டையின் மேலே முதல் வரியை மட்டும் பெரிய எழுத்தில் எழுதி, நடுவில் கோடு போட்டுப் பிரித்துவிடுங்கள். மேடை ஏறுமுன் அந்த ஒரு வரியை வாய்விட்டுப் பத்து முறை சொல்லுங்கள். பதற்றத்தில் மனம் தேடாது, வாய் பழகியதைத்தான் சொல்லும்.