ஆக்சா பிளேடு: எந்த வேலைக்கு எத்தனை பல்?

கேள்வி: கடையில் கேட்டால் ஏதோ ஒரு பிளேடைத் தருகிறார்கள். பிவிசி பைப் அதில் நன்றாக அறுபடுகிறது. ஆனால் அரை இஞ்ச் ஜிஐ பைப்பை அறுத்தால் பல் உடைகிறது, தகரத்தை அறுத்தால் ஓரம் கிழிகிறது. எல்லாவற்றுக்கும் ஒரே பிளேடு போதாதா?

பதில்: போதாது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்களிடம் இருப்பது 18 பல் பிளேடாக இருக்கும். 18, 24, 32 என்று பிளேடில் அச்சிட்டிருப்பது ஒரு அங்குலத்துக்கு எத்தனை பல் என்ற கணக்கு. அழிந்து போயிருந்தால் ஸ்கேலை வைத்து எண்ணிவிடலாம்.

அறுபடும் இடத்தில் எப்போதும் மூன்று பல்லாவது பொருளின் மேல் இருக்க வேண்டும். அரை இஞ்ச் ஜிஐ பைப்பில் மீடியம் ரகத்தின் சுவர் 2.6 மி.மீ. 18 பல் பிளேடில் பல்லுக்குப் பல் 1.4 மி.மீ. இடைவெளி இருப்பதால், சுவரின் மேல் இரண்டு பல்கூட முழுசாக நிற்காது. அழுத்தம் முழுவதும் ஒன்றிரண்டு பல்லின் மேலேயே விழும். நீங்கள் தள்ளும்போது பல் சுவரின் ஓரத்தில் மாட்டி உடையும். 32 பல்லில் இடைவெளி 0.8 மி.மீ.தான், மூன்று பல் உட்கார்ந்துவிடும். ஆகவே இந்தப் பைப்புக்கு 32 வாங்குங்கள். பைப்பை ஒரே மூச்சில் மேலிருந்து கீழே அறுக்காமல், சுவர் துளைத்ததும் கொஞ்சம் முன்பக்கமாகத் திருப்பித் திருப்பி அறுத்தால் பல் இன்னும் பத்திரமாக இருக்கும்.

தகரத்துக்கு 32கூடப் பத்தாது. 22 கேஜ் தகடு சுமார் 0.8 மி.மீ. கனம்தான், நேராக வைத்து அறுத்தால் ஒரு பல்தான் படும். தகட்டை இரண்டு பிளைவுட் துண்டுகளுக்கு நடுவே வைத்து வைஸில் இறுக்கி, மேல் பலகையில் கோடு போட்டு, மரத்தையும் சேர்த்தே அறுங்கள். தகடு அதிராது, ஓரமும் மடங்காது. பலகை இல்லையென்றால் பிளேடை நன்றாகச் சாய்த்துப் பிடித்து அறுக்கலாம், ஆனால் வெட்டு அவ்வளவு சுத்தமாக வராது.

பிவிசிக்கு இருக்கிற 18 பல்லே சரி. இங்கே 32 போட்டால் பல்லிடுக்கில் தூள் அடைத்து, சூட்டில் இளகி ஒட்டிக்கொள்ளும். பிளேடு வழுக்கி வெட்டு கோணலாகப் போகும். மெதுவாக, அழுத்தாமல் அறுங்கள். உள்பக்கப் பிசிறைக் கத்தியால் சீவிவிட்டுப் பிறகு சொல்யூஷன் தடவுங்கள்.

மாட்டும்போது பல்லின் முனை கைப்பிடிக்கு எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டும். பாதி அறுத்த நிலையில் பிளேடு உடைந்தால், புதியதைப் பழைய வெட்டுக்குள் நுழைக்காதீர்கள். தேய்ந்த பிளேடு போட்ட வெட்டு ஒடுக்கமாக இருக்கும், புதுப் பல் அதில் சிக்கி உடையும். பைப்பைத் திருப்பி மறுபக்கத்திலிருந்து தொடங்குங்கள்.