கிரைண்டர் விளம்பரத்துக்கு என்ன எழுதறது?

"டில்டிங் கிரைண்டர் விக்கிறோம். 'சாய்க்கும் வசதி, 2 லிட்டர்'னு போட்டா யாரும் கண்டுக்கல, 'மகிழ்ச்சியான குடும்பம்'னு போட்டாலும் அதேதான். என்ன எழுதறது?"

சாய்க்கும் வசதி, சரி, அதனால என்னன்னு கேளுங்க. கல்லோட டிரம்மைத் தூக்காமலே மாவைப் பாத்திரத்துல ஊத்திடலாம். அதனால என்ன? முதுகுவலி இருக்கற அம்மா, தூக்கிக் குடுக்க பையன் ஆபீஸ்லேந்து வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். இன்னொரு தடவை கேட்டா, யாரையும் கூப்பிடாம தன் வேலையைத் தானே முடிச்ச நிம்மதி. அங்கயே நின்னுடுங்க, அதுக்கு மேல ஏறினா 'மகிழ்ச்சி'தான் வரும், அதை பெயின்ட்டுக்கும் போடலாம் இன்சூரன்ஸுக்கும் போடலாம். பொருளோட பேரை மாத்திப் பாருங்க, வரி அப்பவும் பொருந்துச்சுன்னா ஒரு படி கீழ இறங்கணும்.

ஆனா நிம்மதிங்கற வார்த்தையையே எழுதிடாதீங்க ப்ளீஸ், அது நடக்கற நேரத்தைக் காட்டுங்க: "மாவு வழிக்க இனி பையனுக்காகக் காத்திருக்க வேண்டாம்." அடுத்த வரியிலயே "கல்லைத் தூக்காம, சாய்ச்சாலே போதும்"னு வசதியைச் சொல்லிடணும், இல்லன்னா எப்படின்னு புரியாம நம்ப மாட்டாங்க. 2 லிட்டரைக் கீழ சின்னதாப் போட்டுக்கலாம். ஆனா வாங்கறது பையன்னா, 'அதனால என்ன'ன்னு கேட்டுக் கேட்டு ஏறற இதே ஏணி வேற இடத்துல போய் முடியும், அவருக்கு "நீங்க ஊர்ல இல்லாத நாள்லயும் அம்மா தூக்க வேண்டியதில்ல"ன்னு தனியா ஒண்ணு எழுதுங்க.